கருவியைத் தேடிப் போகும் கொடையாளர்: தட்டணுக் கொடைக்கு ஆயத்தமாவது எப்படி

கோடியக்கரையில் ரத்ததான முகாம் நடத்தலாம். பள்ளிக்கூடத்து வகுப்பறையில் நான்கு கட்டில் போட்டு, பையும் ஊசியும் கொண்டுவந்தால் போதும். தட்டணுக் கொடையை அப்படி நடத்த முடியாது. தட்டணுக்களை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு சிவப்பணுக்களைக் கொடையாளருக்கே திருப்பித் தரும் அஃபெரிசிஸ் கருவி, பெரிய ரத்த மையங்களில் ஓர் அறைக்குள் நிலையாக நிற்கிறது. தடங்கலில்லாத மின்சாரம், பயிற்சி பெற்ற பணியாளர், அருகில் மருத்துவர் என்று அதற்குத் தேவைகள் உண்டு. ஆகவே கடைக்கோடியில் இருக்கும் ஊரிலிருந்து தட்டணு கொடுக்க விரும்புகிறவர்தான் கருவியைத் தேடிப் போகவேண்டும். அப்படிப் போகிறவர்களில் பலரை, போன பிறகு ‘உங்களிடம் எடுக்க முடியாது’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். எண்ணிக்கை குறைவு, நரம்பு சரியில்லை, முந்தாநாள் வலி மாத்திரை போட்டிருக்கிறார் என்று காரணம் ஒவ்வொருவருக்கும் வேறாக இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை வேதாரண்யத்தில் பஸ் ஏறுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளக் கூடியவை. அவசர அழைப்பைக் கேட்டு ஓடுகிறவரைவிட, முன்பே சோதித்து வைக்கப்பட்டு, நாள் குறித்து அழைக்கப்படுகிறவரே இந்தக் கொடையில் நோயாளிக்கு அதிகம் பயன்படுகிறார் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். கையிலிருந்து வரும் ரத்தத்தோடு, உறையாமல் இருக்க சிட்ரேட் கரைசல் பத்துக்கு ஒன்று என்ற அளவை ஒட்டிக் கலக்கிறது. பிறகு அந்த ரத்தம் வேகமாகச் சுழலும் ஒரு சிறு அறைக்குள் போகிறது. களத்தில் நெல்லைத் தூற்றும்போது எடையுள்ள மணி ஒரு பக்கமும் பதர் ஒரு பக்கமும் விழுவதைப்போல, சுழற்சியில் கனமான சிவப்பணுக்கள் வெளிச்சுவரை ஒட்டி நிற்கும். மஞ்சள் நிறப் பிளாஸ்மா உட்பக்கம் தங்கும். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய அடுக்காக வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சேரும். ஒளி உணரி அந்த அடுக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தட்டணு வரும் நேரத்தில் குழாயின் வாய் பைப்பக்கம் திறக்கும். மற்றவை கொடையாளரின் கைக்கே திரும்பும். ஒரே கையில் எடுப்பதும் திருப்புவதும் மாறி மாறி நடக்கும் கருவிகளும் உண்டு. ஒரு கையில் எடுத்து மறு கையில் விடாமல் திருப்பும் கருவிகளும் உண்டு. 1960களில் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்துப் பொறியாளர் ஜார்ஜ் ஜட்சன், மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது அங்கிருந்த தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்குப் போய், மருத்துவர் எமில் ஃப்ரைரைக்குடன் சேர்ந்து இந்தக் கருவியின் முன்னோடியை உருவாக்கினார். ரத்தப் புற்றுநோயாளிக்கு ஒருவரிடமிருந்தே போதுமான அணுக்களை எடுக்க வேண்டும் என்ற தேவையில் பிறந்த கருவி இது. இன்றும் இதன் முதல் தேவை அங்கேதான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். அறுபது கிலோ எடையுள்ள ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் உடலில் ஏறக்குறைய 4.2 லிட்டர் ரத்தம் இருக்கும். பரிசோதனையில் தட்டணு எண்ணிக்கை 2,20,000 என்று வருகிறது. அது ஒரு மைக்ரோலிட்டருக்கான எண்ணிக்கை. ஒரு லிட்டருக்கு மாற்றினால் 22,000 கோடி. அப்படியானால் அவருடைய ரத்த ஓட்டத்தில் மொத்தம் 92,000 கோடித் தட்டணுக்கள் இருக்கின்றன. நோயாளிக்குப் போகும் ஒரு பையில் குறைந்தது 30,000 கோடி இருக்கவேண்டும். கருவிக்குள் வரும் தட்டணுக்களில் சுமார் பாதிதான் பைக்குப் போய்ச் சேரும் என்று வைத்தால், அவருடைய ரத்தத்தில் மூன்று லிட்டர் அளவுக்குக் கருவி வழியே ஓடியாகவேண்டும். நிமிடத்துக்கு ஐம்பது மில்லிலிட்டர் வேகத்தில் அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அதே மனிதரின் எண்ணிக்கை 1,60,000 ஆக இருந்தால் நான்கு லிட்டரை ஒட்டி ஓடவேண்டும்; நேரமும், உடலுக்குள் போகும் சிட்ரேட்டும் அந்த அளவுக்குக் கூடும். 1,50,000க்குக் கீழே உள்ளவரிடம் ஏன் எடுப்பதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே விளக்கம். அவர் உடல்நலம் குறைந்தவர் என்று அதற்குப் பொருளில்லை.

இதே அளவுத் தட்டணுவைச் சாதாரண ரத்தப் பைகளிலிருந்து பிரித்தால் ஆறு பேர், சில நேரம் அதற்கும் கூடுதலானவர்கள் வேண்டும். ரத்த மையத்தில் அதை ‘ஆர்டிபி’ என்பார்கள். கருவியில் ஒருவரிடமிருந்தே எடுப்பது ‘எஸ்டிபி’. எஸ்டிபி எப்போதும் உயர்ந்தது, ஆர்டிபி மட்டமானது என்ற எண்ணம் உறவினர்களிடையே பரவியிருக்கிறது. அதைச் சற்றுத் திருத்திக்கொள்ளவேண்டும். திரும்பத் திரும்பத் தட்டணு ஏற்றும்போது நோயாளியின் உடல் அவற்றுக்கு எதிராக எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்கி, பிறகு ஏற்றுவதையெல்லாம் அழித்துவிடும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் நடந்து 1997இல் வெளியான ஆய்வில், வெள்ளையணுக்களை வடிகட்டி நீக்கியபோது அந்த ஆபத்து பாதிக்குக் கீழே இறங்கியது. ஆனால் வடிகட்டிய பிறகு, பல பேரிடமிருந்து சேர்த்ததற்கும் ஒருவரிடமிருந்து எடுத்ததற்கும் அதில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே கருவியின் மேன்மை வேறு இடங்களில் இருக்கிறது. ஆறு பேருக்குப் பதில் ஒருவர் என்பதால் தொற்றுக்கான வாய்ப்பு குறைகிறது. நோயாளிக்குப் பொருந்தும் ஒருவரைத் தேடிப் பிடித்து அவரிடமிருந்தே மறுபடி மறுபடி எடுக்க முடிகிறது. மாதக்கணக்கில் கீமோதெரபி எடுக்கிற ஒருவருக்கு இது பெரிய உதவி. மற்றபடி, மருத்துவர் ஆர்டிபி போதும் என்றால் அதை ஏற்றுக்கொள்வதில் தவறில்லை. எஸ்டிபிக்கு ஒரு முறை மட்டும் பயன்படும் குழாய்த் தொகுதி தேவைப்படுவதால், அதன் செலவு பல ஆயிரம் ரூபாய்.

“அப்படியானால் எங்கள் ஊர் முகாமிலேயே ரத்தம் எடுத்து, அதிலிருந்து தட்டணுவைப் பிரித்துக்கொள்ளட்டுமே” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இடையூறு வெப்பநிலையிலும் நேரத்திலும் இருக்கிறது. தட்டணுவுக்கு 20 முதல் 24 டிகிரி வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்தால் அதன் வடிவம் மாறிவிடும். நோயாளிக்கு ஏற்றினாலும் கல்லீரல் அதை விரைவில் விலக்கிவிடும். முழு ரத்தத்தையோ, சிவப்பணுவைக் காப்பாற்றக் குளிரில் வைக்கவேண்டியிருக்கிறது. இரண்டையும் பெற வேண்டுமானால், எடுத்த பையை அறை வெப்பநிலையில் வைத்து ஆறு மணி நேரத்தை ஒட்டிப் பிரித்துவிடவேண்டும். கோடியக்கரையிலிருந்து தஞ்சாவூர் போய்ச் சேரவே மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். காலையில் தொடங்கி மதியம் முடியும் முகாமில் முதலில் எடுத்த பைகள், வண்டி கிளம்பும்போதே பாதி நேரத்தைக் கழித்துவிட்டிருக்கும். எனவே முகாம் ரத்தம் பெரும்பாலும் சிவப்பணுவாகவே பயன்படுகிறது. பிரசவத்தில் ரத்தப்போக்கு, விபத்து, ரத்தசோகை என்று அதற்கும் தேவை குறையவில்லை. மெல்லிய நரம்பு உள்ளவர்களும், எண்ணிக்கை குறைவாக உள்ளவர்களும் முகாமிலேயே கொடுப்பதுதான் சரியான முடிவு. ஊரில் எல்லோரும் கருவிக்குப் போகவேண்டியதில்லை. நல்ல எண்ணிக்கையும் நல்ல நரம்பும் உள்ள சிலர் அதற்கென்று நின்றால் போதும்.

அடுத்த மறுப்பு டெங்குவைப் பற்றியது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கைப்பேசிகளில் சுற்றும் அழைப்புகளில் பெரும்பாலானவை ‘டெங்கு, பிளேட்லெட் உடனே தேவை’ என்றுதான் வருகின்றன. தட்டணுக் கொடையே டெங்குவுக்குத்தான், அதில் நாள் குறிக்க ஏது நேரம் என்று தோன்றும். ஆனால் ரத்தக் கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்கு எண்ணிக்கை குறைந்திருப்பதை மட்டும் பார்த்துத் தட்டணு ஏற்றுவதால் பெரிய பலன் கிடைப்பதில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், எண்ணிக்கை 20,000 அல்லது அதற்குக் கீழே இருந்த 372 பெரியவர்களை இரு பிரிவாக்கி ஆய்ந்தார்கள்; முடிவு 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. தட்டணு ஏற்றியவர்களுக்கும் ஏற்றாதவர்களுக்கும் ரத்தக் கசிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏற்றியவர்களிடம் பக்கவிளைவுகள் கூடுதலாக இருந்தன. டெங்குவில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதுதான். அதிலிருந்து காப்பது சரியான நேரத்தில் சரியான அளவு திரவம். அழைப்பு வந்தால் கொடையாளர் மருத்துவருக்கு எதிராக வாதாடவேண்டியதில்லை. ஆனால் நோயாளியின் வீட்டார் ஒரு கேள்வி கேட்கலாம்: “டாக்டர், ரத்தக் கசிவு இருக்கிறதா, இல்லை எண்ணிக்கைக்காக மட்டும் ஏற்றுகிறோமா?” கசிவு இருந்தாலோ, எண்ணிக்கை 10,000க்கும் கீழே போயிருந்தாலோ ஏற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. பல நேரங்களில் இந்தக் கேள்வியே ஒரு வீண் ஓட்டத்தைத் தவிர்த்துவிடும்.

ரத்தப் புற்றுநோயாளியின் நிலைமை வேறு. கீமோதெரபி மருந்து எலும்பு மஜ்ஜையை அடக்குவதால், மருந்து தொடங்கி எத்தனையாவது நாளில் எண்ணிக்கை தாழும் என்பது மருத்துவருக்கு முன்கூட்டியே ஓரளவு தெரியும். இந்த டெல்டாவிலிருந்து அந்தச் சிகிச்சைக்காகப் புதுச்சேரி ஜிப்மருக்கும் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கும் போகிற குடும்பங்கள் நிறைய. எடுத்த தட்டணு ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் ஐந்து நாள்தான் தாங்கும். இருப்பு வைத்துக் காப்பாற்ற முடியாது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது, மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. அப்படிப்பட்ட ஒரு வாரத்தில் ஒரே கொடையாளரை நம்பியிருந்தால் அவரால் வந்து சேர முடியாது. வேறு வேறு ஊர்களில் இருக்கும் நான்கைந்து பேரை, வாரத்துக்கு ஒருவராக முன்பே குறித்து வைத்தால் அந்த இடைவெளியை மற்றவர் நிரப்புவார். உறவினர்கள் செய்யத்தக்க மிக உருப்படியான காரியம் இந்தப் பட்டியல்தான் என்பது என் கருத்து. இதில் பணம் கைமாறக் கூடாது. உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பையடுத்து, 1998 ஜனவரி முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. மையம் வசூலிப்பது குழாய்த் தொகுதிக்கும் பரிசோதனைக்குமான செலவைத்தான்.

இனி ஆயத்தம். வயது 18 முதல் 60, எடை ஐம்பது கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையாமல் இருக்கவேண்டும். தட்டணு எண்ணிக்கையை அருகிலுள்ள பரிசோதனைக் கூடத்திலேயே பார்த்துவிடலாம். மையத்தில் மறுபடி பார்ப்பார்கள் என்றாலும், 1,40,000 என்று தெரிந்தால் பயணம் மிச்சம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை முதலியவற்றுக்கான சோதனைகளை மையத்தில்தான் செய்யவேண்டும். முடிவு வரச் சில மணி நேரமாகும் என்பதால் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. முழங்கை மடிப்பில் தடித்த நரம்பு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்ப்பார்கள். வலி மாத்திரை விஷயத்தில் நம் பகுதியில் தனிக் கவனம் வேண்டும். அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வாரி இழுக்கிறவரும், வலை இழுத்துத் தோள் வலி கண்டவரும் கடையில் மாத்திரை வாங்கிப் போடுவது வழக்கம். ஆஸ்பிரின் ஒரே மாத்திரை போட்டாலும் அப்போது உடலில் இருக்கும் தட்டணுக்கள் ஒட்டும் திறனை இழந்துவிடும். எண்ணிக்கை சரியாகவே இருக்கும், வேலைதான் செய்யாது. கருவியால் அதைக் கண்டுபிடிக்க முடியாது, கொடையாளர் சொன்னால்தான் தெரியும். மூன்று நாளாவது இடைவெளி வேண்டும். மற்ற வலி மாத்திரைகளையும் பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் தட்டணுவைக் கெடுக்காது. ஆனால் காய்ச்சலுக்காக அதைப் போட்டிருந்தால் காய்ச்சலே கொடையைத் தள்ளிப்போடக் காரணம். சாப்பாட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முந்தின இரவு வறுவலும் பரோட்டாவுமாகச் சாப்பிட்டால் மறுநாள் காலைப் பிளாஸ்மா பால்போலக் கலங்கியிருக்கும். ஒளி உணரி அடுக்குகளைப் பிரித்தறியத் திணறும். எடுத்த பையையும் ஒதுக்க நேரலாம். அதற்காகப் பட்டினி கிடந்து போகக் கூடாது, மயக்கம் வரும். இட்லி, இடியாப்பம், கஞ்சி, நிறையத் தண்ணீர் போதும்.

நாற்காலியில் உட்கார்ந்ததும், குழாய்த் தொகுதியின் உறையை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லலாம். ரத்தம் கருவியைத் தொடுவதே இல்லை. அந்தக் குழாய்களுக்குள்ளேயே ஓடித் திரும்புகிறது, முடிந்ததும் அவை குப்பைக்குப் போகின்றன. முன்பு படுத்தவரின் நோய் நமக்கு ஒட்டிவிடுமோ என்ற அச்சத்துக்குப் பதில் அதுதான். கவனிக்கவேண்டியது சிட்ரேட். ரத்தத்தை உறையாமல் வைக்க அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. திரும்பி வரும் ரத்தத்தோடு உடலுக்குள் வந்தும் அதே வேலையைச் செய்கிறது. முதல் அறிகுறி உதட்டைச் சுற்றி மெல்லிய மதமதப்பு, பிறகு விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வு. இது வந்த உடனே சொல்லுங்கள். திருப்பும் வேகத்தைக் குறைத்து, மெல்லுவதற்குக் கால்சியம் மாத்திரை தருவார்கள். சில நிமிடங்களில் அடங்கிவிடும். வீரம் காட்டிப் பொறுத்துக்கொண்டிருந்தால் வாந்தியும், விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்வதும் வரலாம்; மிக அரிதாக இதயத் துடிப்பே தடுமாறலாம். ரத்தம் குழாய்களில் சுற்றும்போது சற்றுக் குளிர்வதால் நடுக்கம் தோன்றும்; போர்வை கேளுங்கள். ரத்தம் திரும்பும் நேரத்தில் ஊசி இருக்கும் இடத்தில் வலியோ வீக்கமோ எழுந்தால், ஊசி நரம்பைவிட்டு விலகியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண நேரமும் தள்ளாமல் சொல்லவேண்டும். ஏனென்றால் கருவி உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். பையை நீங்களே பார்க்கலாம். வைக்கோல் நிறத்தில் லேசாகக் கலங்கிச் சேர வேண்டும். சிவப்பு ஏறினால் சிவப்பணு கலந்திருக்கிறது.

‘அடிக்கடி கொடுத்தால் உடம்பு தேய்ந்துவிடும்’ என்பது கடைசி மறுப்பு. நம் எடுத்துக்காட்டு மனிதரிடமிருந்து எடுத்தது ஓட்டத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் மண்ணீரலில் சேமித்திருப்பதும் வெளியே வருவதால், அவர் எண்ணிக்கை கால்வாசி அளவே குறையும்; சில நாள்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். சிவப்பணு திரும்பிவிடுவதால் முழு ரத்தக் கொடைக்கு ஆண் மூன்று மாதமும் பெண் நான்கு மாதமும் காத்திருப்பதுபோல இதற்குக் காத்திருக்கவேண்டியதில்லை. நம் நாட்டு விதி, இரண்டு தட்டணுக் கொடைக்கு நடுவே 48 மணி நேரமாவது இடைவெளி, வாரத்துக்கு இரண்டுக்கு மேல் இல்லை, ஆண்டுக்கு 24க்கு மேல் இல்லை என்கிறது. ஆனால் இந்த உச்சவரம்பைத் தொட்டே ஆகவேண்டும் என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு முறையும் குழாயில் ஒட்டியும் சோதனைக் குப்பியிலும் சிறிது சிவப்பணு போகத்தான் செய்கிறது. ஆண்டுக்கணக்கில் மிக அடிக்கடி கொடுத்தவர்களில் சிலருக்கு ஒருவகை வெள்ளையணுக்கள் குறைந்திருப்பதும் பதிவாகியிருக்கிறது. பட்டியலில் நான்கைந்து பேர் வேண்டும் என்று சொன்னதற்கு இதுவும் காரணம். ஒரு விதிவிலக்கையும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்: குழாய் அடைத்தோ, மின்சாரம் நின்றோ, கருவிக்குள் இருந்த சிவப்பணு திரும்பாமல் போனால், அதை முழு ரத்தக் கொடையாகவே கருதி மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். அப்படி நேர்ந்தால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிளாஸ்மாவை மட்டும் எடுப்பதும் இதே கருவியால்தான். ஒரு முறைக்கு 500 மில்லிலிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. ஆனால் முழு ரத்தத்தைப் பிரிக்கும்போதே பிளாஸ்மா கிடைக்கிறது, உறையவைத்தால் ஓராண்டு வரை தாங்குகிறது. ஆகவே அதற்காக ஒருவர் பயணம் செய்யும் தேவை அரிது. 2020இல் கொரோனாவிலிருந்து மீண்டவர்களின் பிளாஸ்மாவுக்காகச் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் பிளாஸ்மா வங்கி திறந்தார்கள். பலர் மனமுவந்து கொடுத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், அது நோய் முற்றுவதையோ இறப்பையோ குறைக்கவில்லை என்று தெரிந்தது. 2021 மே மாதம் சிகிச்சை நெறிமுறையிலிருந்து அதை நீக்கினார்கள். பிளாஸ்மா கேட்டு அழைப்பு வந்தால், எந்த நோய்க்கு, ஏன் கருவி வழியாக என்று மையத்திடமே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

முடிந்த பிறகு ஊசி எடுத்த இடத்தைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கையை மடக்கிக்கொண்டு பிடிப்பதைவிட நீட்டியபடி அழுத்துவது நல்லது. ஊருக்குத் திரும்பும் நெடும்பயணத்தில் பைக்கை நீங்களே ஓட்ட வேண்டாம். மறுநாள் வரை அந்தக் கையால் வலை இழுப்பதும், உப்பு மூட்டை தூக்குவதும் கூடாது. இழுத்தால் உள்ளே ரத்தம் கசிந்து முழங்கை நீலம் பாரிக்கும். கிளம்புமுன் மூன்று விவரங்களைக் கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: கொடுப்பதற்கு முன் இருந்த எண்ணிக்கை, கருவி ஓடிய நேரம், எந்தக் கையில் எந்த இடத்து நரம்பு நன்றாக ஓடியது. அடுத்த முறை அழைப்பு வரும்போது, இவற்றைத் தொலைபேசியில் சொன்னாலே உங்களை எந்த நாளுக்குக் குறிப்பது என்று மையத்தார் முடிவு செய்துகொள்வார்கள்.